ஆறு வருடம் என்ன செய்தீர்கள்?

முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அக்காவுக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளே "பாப்பாச் சித்தி" என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. வேலைக்குப் போகிறவளாக இருந்திருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

படித்து முடித்து இரண்டு வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் இருந்தாள். அதை விட்டுவிட்டு அரசுத் தேர்வுக்கு உட்கார்ந்தவள், ஆறு வருடம் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து முறை எழுதினாள். மூன்று முறை முதல்நிலைத் தேர்வு தேறியது. அந்த மூன்றில் ஒருமுறை முதன்மைத் தேர்வும் தேறி, நேர்முகத் தேர்வு வரை போய், கடைசிப் பட்டியலில் பதினொரு மதிப்பெண்ணில் நழுவியது. வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம். அதற்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. ஆனால் வீட்டில் அம்மா பள்ளிச் சீருடை தைத்துத்தான் அடுப்பெரிய வேண்டியிருந்தது. அம்மாவின் வலது தோள்பட்டை சில நாளாக மேலே எழவே மாட்டேன் என்றது. அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வருடம் நூலகத்துக்கு நடக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அப்படித்தான் தனியார் வேலைக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தாள். விண்ணப்பிப்பது பெரிய காரியமில்லை. இணையப் படிவத்தில் ஆண்டுவாரியாக நிரப்பிக்கொண்டே வரும்போது, காப்பீட்டு அலுவலகத்துக்கு அடுத்த வரியில் ஆறு வருடம் வெட்டவெளியாக நிற்கும். அதைப் பார்த்ததும் அவளுடைய கால் மேசைக்கு அடியில் தானாக ஆட ஆரம்பிக்கும்.

முதலில் கூப்பிட்டது ஒரு கூரியர் நிறுவனம். நேர்காணல் செய்த மனிதவளப் பெண் அவளைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். "நடுவுல ஆறு வருஷம் ஒண்ணுமே இல்லையே?" என்று இயல்பாகத்தான் கேட்டாள். பாப்பாதான் அவசர அவசரமாகப் பதில் சொன்னாள்.

"கவர்மென்ட் எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருந்தேன் மேடம். கிடைக்கல. வீணாப் போயிடுச்சு. இனிமே ஒழுங்கா வேலை பாக்கணும்னு முடிவு பண்ணியிருக்கேன்."

ஒழுங்காக என்று ஏன் சொன்னோம் என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டாள். அந்தப் பெண் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். துக்கத்தில் இருக்கிறவளை வழியனுப்புவதுபோல இருந்தது அது. பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

இரண்டாவது இடத்துக்கு உஷாராகப் போனாள். இணையத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்ததை மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். கேள்வி வந்ததும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: அந்த ஆண்டுகள் எனக்கு விடாமுயற்சியையும் நேர மேலாண்மையையும் பகுப்பாய்வுத் திறனையும் கற்றுக்கொடுத்தன. எதிரே இருந்தவர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்கினார். "இன்னிக்கு வந்தவங்கள்ல நீங்க மூணாவது ஆளு இதையே சொல்றீங்க" என்றவர், "சரி, கவர்மென்ட் வேலை கிடைக்காததாலதானே இதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார். மனப்பாடம் செய்ததில் அதற்குப் பதில் இல்லை. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் கணவர் வந்தார். அத்தான் வாகன உதிரிபாகக் கடையில் விற்பனை மேலாளர். உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒரு ஆள் உண்டு, அந்த ஆள் நமக்குத் தெரிந்தவராக இருப்பார் என்பது அவருடைய கட்சி. உட்கார்வதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் பம்ப் கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருக்கான் பாப்பா. பெரிய கம்பெனி. தண்ணி ஏத்துற நிலையத்துக்கெல்லாம் மோட்டார், பம்ப் சப்ளை பண்றாங்க. டெண்டர் செக்ஷனுக்கு ஆள் வேணுமாம். உள்ள இருக்கறவங்க பரிந்துரை பண்ணா நேரா நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க."

"நல்லதா போச்சு அத்தான்."

"இரு. அந்த ஆறு வருஷத்த அப்படியே விட்டா பரிந்துரையும் எடுபடாது. இன்னொரு ஃப்ரெண்டு ஆவண ஆலோசனைன்னு ஒரு ஆபீஸ் வெச்சிருக்கான். ரெண்டரை வருஷம் அங்க வேலை பார்த்ததா ஒரு லெட்டர் குடுப்பான். லெட்டர்பேட், சீல், எல்லாம் பக்கா."

தையல் எந்திரத்தின் சத்தம் நின்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, காதை மட்டும் கொடுத்தாள்.

"பொய்தானே அத்தான் அது."

"யாருக்கு நஷ்டம்? நீ எவன் வீட்டுக் கூரையப் பிரிச்சே? நீ படிச்ச படிப்புக்கு ரெண்டரை வருஷ எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் ஒரு பொருட்டா?"

வேண்டாம் என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அலைந்து திரிந்து வந்திருக்கிறார். அக்காவின் முகம் வேறு மனசுக்குள் வந்து நின்றது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். "யோசிச்சுச் சொல்றேன் அத்தான்" என்றாள். பரிந்துரைக்காகத் தன் விவரங்கள் அடங்கிய கோப்பை அன்றைக்கே அவருக்கு அனுப்பியும் வைத்தாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. யோசிப்பதாகச் சொன்ன விஷயம் தானாகவே அடங்கிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் பம்ப் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது.

நிறுவனம் ஊருக்கு வெளியே பெரிய சாலையை ஒட்டி இருந்தது. முன்பக்கம் அலுவலகக் கட்டடம், பின்னால் தொழிற்கூடம். பத்து மணிக்கு வரச் சொன்னதற்கு ஒன்பதுக்கே போய்ச் சேர்ந்து, வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் மேலும் கீழுமாக நடந்தாள். காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வந்து உக்காருங்கம்மா, பாக்கறவனுக்கே தலை சுத்துது" என்று கூப்பிட்டார்.

முதலில் ஒரு சோதனை வைத்தார்கள். அறுபது பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தப்புள்ளி ஆவணம். ஏதோ ஒரு நகரத்துக்குக் குடிநீர் பம்புகள் வேண்டும் என்று வெளியிட்ட பழைய ஆவணம். நாற்பத்தைந்து நிமிடத்தில் படித்து, அதில் நிறுவனம் கலந்துகொள்ளலாமா கூடாதா, எதையெல்லாம் எந்தத் தேதிக்குள் தயார் செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும்.

காகிதத்தைக் கையில் வாங்கியதும் அவளுக்குள் ஏதோ அமர்ந்தது. இது அவளுக்குத் தெரிந்த இடம். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். இணைப்புகள், படிவங்கள், அதற்கப்புறம் தகுதி நிபந்தனைகள், கடைசியாகத்தான் முகப்பு. பின்னால் ஒட்டியிருந்த திருத்த அறிவிப்பில் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தார்கள். ஆனால் டெண்டரில் கலந்துகொள்கிறவர் கட்டும் வைப்புத்தொகைக்கான வங்கி உத்தரவாதத்தின் செல்லுபடிக் காலத்தைப் பழைய தேதியிலிருந்தே கணக்கிட்டிருந்தார்கள்; அப்படியே கொடுத்தால் ஒரு வாரம் குறையும். அதை அடிக்கோடிட்டுக் குறிப்பில் எழுதினாள். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் பேனாவை மூடினாள். இவ்வளவு நேரமும் தன் கால் ஆடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த அறையில் மனிதவள அலுவலர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கட்டம் போட்ட சட்டை, ஒழுங்காகச் சீவிய தலை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பேனாவை ஒரு தட்டுத் தட்டும் மனிதர். "உங்க விண்ணப்பத்தோட பிரிண்ட் இது. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து, கடைசில உறுதிமொழிக்குக் கீழ ஒண்ணு. வேலைக்கு எடுத்தா வெளி ஏஜென்சி மூலமா எல்லாத்தையும் சரிபார்ப்போம். முன்னாடி வேலை பார்த்த இடம், சம்பள ரசீது, பி.எஃப். கணக்கு, எல்லாம். பத்து நிமிஷத்துல கூப்பிடுவாங்க."

அவர் போனதும் காகிதத்தைப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில், காப்பீட்டு அலுவலகத்துக்குக் கீழே, இரண்டு வரிகள் புதிதாக இருந்தன. ஆவண ஆலோசனை நிறுவனம். நிர்வாக உதவியாளர், இரண்டு ஆண்டு ஆறு மாதம்.

அத்தான் அவளுடைய கோப்பைத் திறந்து, தானே தட்டச்சு செய்து, நண்பர் மூலம் ஏற்றிவிட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்துக்கொள்ளும்படிதானே சொன்னோம் என்று அவளுக்குள்ளேயே ஒன்று குத்தியது. அவருக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் இயந்திரம் வரை நடந்து, குடிக்காமலேயே திரும்பினாள். கீழே இருந்த உறுதிமொழியை மறுபடி படித்தாள்: மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மையென உறுதி கூறுகிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்றைக்குக் காரியம் நடக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம். லெட்டர்பேட் உண்டு, சீல் உண்டு. ஆனால் அந்த இரண்டரை வருடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டரை வருடத்தில்தான் அவள் முதன்மைத் தேர்வின் ஒன்பது தாள்களை எழுதினாள். நேர்முகத் தேர்வில் ஐந்து பேருக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்து வந்தாள். போயும் போயும் அந்த வருடங்களை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பார்த்தே இராத ஒரு அலுவலகத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. அத்தான்மேல் வந்தது என்று சொல்ல முடியாது. கூரியர் நிறுவனத்தில் வீணாகப் போய்விட்டது என்று சொன்னாளே ஒருத்தி, அவள்மேல் வந்தது. பேனாவை எடுத்து இரண்டு வரிகளையும் நேராக அடித்தாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை, உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மனிதவள அலுவலர், அவர் பக்கத்தில் டெண்டர் பிரிவின் தலைவி. ஐம்பதை நெருங்கும் பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் எழுதிய குறிப்பை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அலுவலர் விண்ணப்பத்தைப் புரட்டி, இரண்டாம் பக்கத்தில் நின்றார். பேனா தட்டுவதும் நின்றது.

"என்ன இது, அடிச்சிருக்கீங்க?"

"அது உண்மையில்ல சார். நான் அங்க வேலை பாக்கல. எனக்குத் தெரியாம சேர்த்திருக்காங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "முழுசா தெரியாமன்னும் சொல்ல முடியாது. இப்படிப் போடலாமான்னு வீட்ல கேட்டாங்க. வேண்டாம்னு அப்பவே நான் உறுதியா சொல்லல. தப்பு என் பேர்லயும் இருக்கு. இப்பத்தான் பார்த்தேன், அதான் அடிச்சேன்."

தலைவி காகிதத்தை இறக்கினார். "அனுபவச் சான்றிதழ் பொய்யா இருந்தா எங்க தொழில்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"வைப்புத்தொகையப் பறிமுதல் பண்ணுவாங்க மேடம். கறுப்புப் பட்டியல்ல சேர்ப்பாங்க. நீங்க குடுத்த ஆவணத்துல பதினெட்டாம் பக்கம் இருந்துச்சு."

தலைவியின் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்து, உடனே உள்ளே போயிற்று. அலுவலர் சிரிக்கவில்லை. "அப்போ அந்த ஆறு வருஷம் என்ன பண்ணீங்க?"

கால் ஆட ஆரம்பித்தது. முழங்காலைக் கையால் அமுக்கினாள்.

"அரசுத் தேர்வுக்குப் படிச்சேன் சார். அஞ்சு தடவை எழுதினேன். மூணு தடவை முதல்நிலை பாஸ், ஒரு தடவை இன்டர்வியூ வரைக்கும் போனேன். பதினொரு மார்க்குல விட்டுப்போச்சு."

"வருத்தமா இல்லையா?"

"அந்தப் பதினொரு மார்க்குக்கு வருத்தம் இருக்கு சார். ஆறு வருஷத்துக்கு இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அதைத் தானே முதன்முறையாகக் கேட்பதுபோல இருந்தது. பேச்சு அதன்பாட்டில் வந்தது.

"தினமும் காலைல எட்டு மணிக்கு நூலகம் திறக்கும்போது நான் வாசல்ல இருப்பேன். வேலைக்குப் போற மாதிரிதான். புதுச் சட்டம், திருத்தம், அறிக்கைன்னு எது வந்தாலும் படிச்சு ஒரு பக்கமா சுருக்கி வெக்கறது பழக்கம். கடைசி மூணு வருஷம் ஒரு பயிற்சி மையத்துக்கு விடைத்தாள் திருத்திக் குடுத்தேன். தொள்ளாயிரத்துக்கு மேல திருத்தியிருப்பேன். எங்க கேள்வியத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க, எங்க கேட்டத விட்டுட்டுக் கேக்காதத எழுதறாங்கன்னு பாத்துக் கீழ எழுதிக் குடுக்கணும்."

"இது விண்ணப்பத்துல இல்லையே?" என்றார் தலைவி.

"தாளுக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க மேடம். மாசச் சம்பளம் இல்ல. அதனால வேலைன்னு போடத் தோணல."

"பொய் வேலைய யாரோ போட்டாங்க, நிஜ வேலைய நீங்க விட்டுட்டீங்க" என்று தலைவி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லி, குறிப்பை எடுத்தார். "உத்தரவாதத் தேதிய இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் பிடிச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. இணைப்பு ஆறுல உறுதிப் பத்திரம் நோட்டரி கையெழுத்தோட கேட்டிருக்கான். அது இல்லாமப் போனா மொத்தமும் போச்சு. நம்ம விலை உறையத் திறக்கவே மாட்டான்."

"படிச்சேன் மேடம். எழுத விட்டுட்டேன்."

அலுவலர் முன்னால் சாய்ந்தார். "விஷயத்துக்கு வருவோம். இன்னும் எழுதுவீங்களா? வாய்ப்பு இருக்கா?"

இதுதான். இதற்கு மட்டும் பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை சார், விட்டுட்டேன் சார் என்று சொன்னால் தீர்ந்தது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் அடித்த கோடு இன்னும் மேசைமேல் கிடந்தது.

"ஒரு தடவை பாக்கி இருக்கு. விண்ணப்பம் போட்டாச்சு. எழுதுவேன் சார்."

"அப்போ பாஸானா போயிடுவீங்க."

"பாஸானா போவேன். ஆனா இன்னிக்குப் பாஸாகி நாளைக்குப் போற விஷயம் இல்ல சார். முதல்நிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது தேறினா முதன்மைத் தேர்வு, அப்புறம் இன்டர்வியூ, பட்டியல், பணி ஆணை. எல்லாம் சேர்ந்து ஒண்ணரை வருஷத்துக்குக் குறையாது. போறதா இருந்தா முன்கூட்டியே சொல்லி, கையில இருக்கறத ஒப்படைச்சுட்டுத்தான் போவேன். இங்க வேலை நேரத்துல படிக்க மாட்டேன். அதுக்கு மேல இப்ப என்னால உறுதி குடுக்க முடியாது."

"நாங்க ஏன் இந்த ரிஸ்க்க எடுக்கணும்?"

பதிலுக்கு வாயெடுத்தாள். அதற்குள் தலைவி அலுவலரைப் பார்த்து, "போன ரெண்டு பேரும் இங்கயே ரிட்டயர் ஆகறேன்னு சொல்லித்தான் சேர்ந்தாங்க. ஒருத்தர் எட்டு மாசம், ஒருத்தர் அஞ்சு" என்றார். அலுவலர் பேனாவைத் தட்டினார். "தகவல் சொல்றோம்" என்று பேச்சை முடித்தார்.

அன்று மாலை அத்தான் வந்தபோது வீடே அதிர்ந்தது. பரிந்துரை செய்த நண்பரை மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இனி ஒரு வருடத்துக்கு யாரையும் பரிந்துரைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

"உனக்கு நல்லது பண்ணப் போய் என் மானம் கப்பலேறிடுச்சு! அடிக்கணும்னா வீட்ல வந்து அடிச்சிருக்கலாமே, அங்கயா அடிக்கணும்?"

"அங்கதான் கையெழுத்துக் கேட்டாங்க அத்தான்."

"ஆறு வருஷமா வீட்ல உக்காந்திருக்கோமேங்கற பயம் வேணாம்? இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல."

"அத்தான், நான் வேண்டாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. உங்க ஃப்ரெண்டுகிட்ட நானே மன்னிப்புக் கேக்கறேன். ஆனா நான் வீட்ல உக்காந்திருக்கல."

அம்மா தையல் எந்திரத்திலிருந்து எழுந்து வந்தாள். "மாப்ள, அவ உக்காந்திருந்தான்னு நானே சொன்னதில்ல. நீங்க சொல்லாதீங்க" என்றாள். குரல் உயரவில்லை. அத்தான் தண்ணீரைக் கூடத் தொடாமல் கிளம்பிப் போனார். அதற்கப்புறம் ஒரு வாரம் அக்கா ஃபோனில் அளந்து அளந்து பேசினாள்.

அந்த ஒரு வாரம் பாப்பாவுக்கு வீடு கொள்ளவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள், நிமிர்த்துவாள். புத்தகத்தைப் பிரித்தால் ஒரே பத்தியை நாலு முறை படிப்பாள். அரை நாள் தெருவில் நடந்தாள். அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள், அடுக்கியதை மறுபடி கலைத்தாள். "துணியாவது நிம்மதியா இருக்கட்டும், விடு" என்றாள் அம்மா.

எட்டாம் நாள் மனிதவள அலுவலர் அழைத்தார். எடுத்த எடுப்பில் வேலை என்று சொல்லவில்லை. அந்த ஆறு வருடத்துக்கும் சான்று வேண்டும் என்றார். தேர்வு நுழைவுச்சீட்டுகள், மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சி மையத்திலிருந்து ஒரு கடிதம், அடித்த இரண்டு வரிகளைப் பற்றி அவளே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு விளக்கம்.

பயிற்சி மையத்து உரிமையாளர், "இதுக்கெல்லாமா கடிதம்?" என்று ஆச்சரியப்பட்டார். ஆனாலும் விடைத்தாள் பதிவேட்டை எடுத்து, மாதவாரியாக எண்ணிக்கை போட்டு எழுதிக் கொடுத்தார். ஆயிரத்து நூற்று ஆறு தாள்கள். அவள் நினைத்ததைவிட இருநூறு கூடுதல். விளக்கக் கடிதம்தான் கஷ்டப்படுத்தியது. முதலில் இரண்டு பக்கம் எழுதினாள். அதில் மன்னிப்பு, குடும்பச் சூழ்நிலை, அம்மாவின் தோள்பட்டை எல்லாம் இருந்தன. கிழித்துப் போட்டாள். அடுத்தது ஏழு வரியில் முடிந்தது. அத்தானின் பெயர் அதில் இல்லை.

ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு ஆணை வந்தது. நிரந்தரம் செய்வது அப்போதைய மதிப்பீட்டைப் பொறுத்தது என்று தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரி அலுவலர் கேட்டு வாங்கியது என்பது பிற்பாடு தெரியவந்தது. சேர்ந்த அன்று ஸ்டோர்ஸுக்குப் போய் அத்தானின் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டாள். "விடும்மா. நான்தான் படிச்சுப் பாக்காம ஏத்திட்டேன்" என்றார் அவர், நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டே. அத்தானுக்கு அவர் வழியாகத்தான் செய்தி போயிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர், வாசலோடு போகாமல் உள்ளே வந்து அரைமணி நேரம் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வேலை அவளை உட்கார விடவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு ஆவணங்கள் வரும். ஒன்றை முடிப்பதற்குள் அதற்கே திருத்தம் வரும். வடிவமைப்புப் பிரிவு ஒன்று சொல்லும், கணக்குப் பிரிவு வேறொன்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் அவள் மாடிப்படி ஏறி இறங்குவாள். பேருந்தில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் தேர்வுக்குப் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முதல்நிலைத் தேர்வை எழுதிவிட்டும் வந்தாள்.

முடிவு வெளியானது ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு. மூன்று மணிக்கு ஒரு பெரிய ஒப்பந்தப்புள்ளியை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். மூன்று அடித்தால் தளம் மூடிக்கொள்ளும். பழைய நண்பர்கள் குழுவில் செய்தி வந்து விழுந்ததும் பட்டியலைத் திறந்தாள். தன் எண்ணைத் தேடினாள். அதற்கு முந்தைய எண் இருந்தது. அதற்கு அடுத்த எண்ணும் இருந்தது.

இன்னொரு முறை மேலிருந்து கீழே தேடினாள். பிறகு எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஐந்து நிமிடம் இருக்கும். முகத்தைக் கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, தலைவி அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண்களைப் பார்த்தார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மேடம். என் நம்பர் இல்ல."

"வீட்டுக்குப் போறியா?"

இவ்வளவு நாள் நீங்கள் என்று கூப்பிட்டவர் நீ என்றது அவளுக்கு இதமாக இருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா எந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தொன்று.

"இருபத்தேழாம் பக்கத்துல சீல் விழல மேடம். ஸ்கேன் மறுபடி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.